கடல் தண்ணியைக் குடித்து மீன் ஏன் வயிறு நிரப்புவதில்லை?

உயர்தர உயிரியல் வகுப்பில் சூழலியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கடல்நீரில் சேதனக் காபன் கரைந்திருக்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போகப் பார்த்தேன். பின்வாங்கில் இருந்த, யாழ்ப்பாணக் கரையோரத்துக் குருநகர்ப் பொடியன் விடவில்லை.

"சேர், தண்ணியிலை சாப்பாடு கரைஞ்சிருக்கெண்டு சொல்லுறியள். அப்ப மீன் ஏன் ஒண்டையொண்டு துரத்தித் தின்னுது? தண்ணியையே குடிச்சிட்டுச் சும்மா இருக்கலாமே?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் கேள்வி சரியான இடத்தில்தான் குத்தியது. கடல் மீன்களில் பெரும்பாலானவை உண்மையில் தண்ணீர் குடிக்கத்தான் செய்கின்றன. உப்பு நீர் அவற்றின் உடலிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருப்பதால், குடிக்காமல் அவற்றால் உயிர்வாழ முடியாது. ஆனால் அந்தத் தண்ணீரிலிருந்து அவற்றுக்குச் சாப்பாடு கிடைப்பதில்லை. அது ஏன், யாருக்குக் கிடைக்கிறது, கிடைத்த பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் 'கரைந்த' என்ற சொல். பண்ணைப் பாலத்தடியில் ஒரு போத்தல் தண்ணீர் அள்ளி, மிக நுண்ணிய துளைகள் கொண்ட வடிதாளில் வடிக்கிறோம் என்று வையுங்கள். துளையின் அகலம் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. தாளில் பச்சை, மண்ணிறம், சேறு எல்லாம் தங்கிவிடும். கீழே இறங்கிய தெளிந்த நீரில் இன்னும் இருக்கும் சேதனக் காபனையே கரைந்த சேதனக் காபன் என்கிறோம். சீனி வகைகள், அமினோ அமிலங்கள், உடைந்த புரதத் துண்டுகள், பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் எல்லாம் இதற்குள் அடங்கும். சரியாகச் சொன்னால் இது இரசாயன வரைவிலக்கணமே அல்ல, வடிதாள் தந்த வரைவிலக்கணம். துளை வழியே போனது கரைந்தது, போகாதது கரையாதது, அவ்வளவுதான்.

திறந்த கடலின் மேற்பரப்பில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் காபன் இப்படி இருக்கிறது. ஆழ்கடலில் அதில் பாதி. நமது பரவைக்கடல் போன்ற கரையோர நீரில் பொதுவாகக் கூட. ஒரு மீன் நாளொன்றுக்கு ஒரு லீற்றர் குடித்தாலும் (எங்கள் ஓரா மீனும் மணலை மீனும் அவ்வளவு குடிக்காது) கிடைப்பது ஒரு மில்லிகிராம். நீந்திச் செலவழிக்கும் சக்திக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் உலகக் கடல் முழுவதையும் கூட்டினால் சுமார் 660 பில்லியன் தொன் காபன் வரும். வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டாக இருக்கும் காபனோடு ஒப்பிடக்கூடிய அளவு. இருப்புப் பெரியது, செறிவு மிகச் சொற்பம்.

இந்தக் காபன் எங்கிருந்து வருகிறது? தொடக்கம் பெரும்பாலும் ஒளித்தொகுப்புத்தான். கண்ணுக்குத் தெரியாத தாவரப் பிளாந்தன்கள் சீனி செய்கின்றன, அதில் ஒரு பகுதியை உயிரோடு இருக்கும்போதே வெளியே கசியவிடுகின்றன. அவற்றை இறாலின் தூரத்து உறவான சின்னஞ்சிறு துடுப்புக்காலிகள் தின்னும்போது இன்னொரு பகுதி சிந்துகிறது. பெருவிரலால் குடைந்து நுங்கு குடித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாய்க்குள் போவது கொஞ்சம், நாடியால் வழிந்து முழங்கைக்குப் போவது மிச்சம். மூன்றாவது வழி வைரசுகள். ஒரு மில்லிலீற்றர் கடல்நீரில் அவை ஒரு கோடி அளவில் இருக்கும். தொற்றிய கலம் வெடிக்கும்போது உள்ளே இருந்ததெல்லாம் அப்படியே தண்ணீரில் கலந்துவிடும்.

இவ்வளவும் கரைந்து, ஐதாகி, மீனுக்கு எட்டாமல் போகிறது. எட்டுவது பெரும்பாலும் பற்றீரியாவுக்குத்தான். காரணம் அதன் உடலளவு. கடலில் தனியாக மிதக்கும் ஒரு பற்றீரியாவின் விட்டம் அரை மைக்ரோமீற்றர் அளவு. ஒரு மில்லிலீற்றரில் இவை பத்து இலட்சம், ஒரு லீற்றரில் நூறு கோடி. அந்த நூறு கோடியையும் ஒன்றாக அமுக்கிப் பிசைந்தால் கடுகு மணி ஒன்றின் அளவுகூட வராது. ஆனால் அவற்றின் வெளிப்பரப்பைப் பிரித்து விரித்தால் எட்டுச் சதுர சென்ரிமீற்றர், ஒரு பெரிய தபால் முத்திரை அளவு. உணவு உள்ளே போவது பரப்பு வழியாக, உணவு தேவைப்படுவது கனவளவுக்கு. பரப்பு மிகுந்து கனவளவு குறைந்த உயிர்தான் இவ்வளவு ஐதான கூழில் பிழைக்கும்.

இதிலும் ஒரு தடை உண்டு. சீனி, அமினோ அமிலம் போன்ற சிறு மூலக்கூறுகள் வெட்டாமலே கலமென்சவ்வைக் கடந்து உள்ளே போகும். பெரிய புரதமும் பல்சக்கரைட்டும் போகா. அதனால், வெட்டும் நொதியங்களைப் பற்றீரியா வெளியே அனுப்புகிறது, அல்லது தன் மேற்பரப்பில் ஒட்டி வைத்திருக்கிறது. சமையலை வாசலிலேயே முடித்துவிட்டு உள்ளே எடுக்கும் ஏற்பாடு. வெட்டிய துண்டுகளில் கொஞ்சம் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் போய்விடும். அதுவும் இந்தச் சமூகத்தின் இயல்பு.

இவ்வளவு பற்றீரியா இருப்பது நீண்ட காலமாக யாருக்கும் தெரியாமல் இருந்தது. பழைய முறையில் கடல்நீரை ஏகார் என்ற ஊட்டக் கூழ் பரப்பிய தட்டில் தடவி, முளைக்கும் பற்றீரியாத் திட்டுகளை எண்ணுவார்கள். இறைச்சிச் சாறு போட்ட கொழுத்த ஏகாரில் கடல் பற்றீரியாக்களில் நூற்றுக்கு ஒன்றுகூட முளைப்பதில்லை. பட்டினிக்குப் பழகியதற்குக் கலியாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. 1970களில் ஒளிரும் சாயம் ஏற்றி, கறுப்பு வடிதாளில் பிடித்து, நுணுக்குக்காட்டியில் நேரே எண்ணும் முறை வந்தபோது எண்ணிக்கை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு கூடியது. 1974இல் லோரன்ஸ் பொமரோய் கடலின் உணவு வலையில் நுண்ணுயிர்களுக்குப் பெரிய இடம் உண்டு என்று எழுதினார். 1983இல் ஃபாரூக் அஸாமும் அவரோடு ஐவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 'நுண்ணுயிர் வளையம்' என்ற பெயரை நிலைநிறுத்தியது. கடலில் மிக அதிகமாக இருக்கும் எஸ்.ஏ.ஆர்.11 என்ற பற்றீரியாக் கூட்டத்தைக்கூட 1990இல் மரபணுத் துண்டாகத்தான் முதலில் கண்டார்கள். 2002இல்தான் வளர்க்க முடிந்தது. அதுவும் ஏகாரில் அல்ல, கிருமி நீக்கிய வெறும் கடல்நீரில்.

இனி ஒரு லீற்றர் தண்ணீருக்குக் கணக்குப் பார்ப்போம். வகுப்பில் கரும்பலகையில் போட்ட அதே கணக்கு. ஒரு பற்றீரியாவில் உள்ள காபன் ஏறக்குறைய 20 ஃபெம்ரோகிராம். நூறு கோடியால் பெருக்கினால் லீற்றருக்கு 20 மைக்ரோகிராம். வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் இவை நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன என்று எடுத்துக்கொள்வோம். குளிர்ந்த திறந்த கடலில் இதைவிட மெதுவாகத்தான் நடக்கும். ஒருமுறை இரட்டிக்க இன்னொரு 20 மைக்ரோகிராம் உடல் கட்ட வேண்டும். ஆனால் தின்பதெல்லாம் உடலாவதில்லை. ஐந்தில் ஒரு பங்கு உடலாகி, ஐந்தில் நான்கு பங்கு சுவாசத்தில் காபனீரொட்சைட்டாகப் போகிறது என்றால், அன்றைக்கு 100 மைக்ரோகிராம் காபன் தின்றாக வேண்டும்.

இருப்பு 1000 மைக்ரோகிராம், நாட்செலவு 100. வரவு நின்றால் பத்தே நாளில் கடல் காலி. ஆனால் கதிர்க்காபன் முறையில் ஆழ்கடலின் கரைந்த காபனுக்கு வயது பார்த்தபோது 4000 முதல் 6000 ஆண்டுகள் என்று வந்தது. பத்து நாளில் தீர வேண்டியது எப்படி ஆயிரக்கணக்கான ஆண்டு கிடக்கும்?

இரண்டும் உண்மை, ஆனால் இரண்டும் ஒரே பொருளைப் பற்றியதல்ல. குளுக்கோசும் அமினோ அமிலமும் சிந்திய சில மணி நேரத்தில், கூடினால் சில நாளில், தின்னப்பட்டுவிடும். அதனால் எந்த நேரத்தில் அளந்தாலும் அவை மிகச் சொற்பமாகவே தெரியும். அளந்து கிடைக்கும் பெருந்தொகை பெரும்பாலும் மிச்சம். யாரும் எளிதில் தொடாத, திரும்பத் திரும்பக் கடித்து விட்டுப்போன சக்கை. நல்ல கடையில் விற்பனை அதிகமான சாமான் இறாக்கையில் தெரியாது, விலைபோகாததுதான் நிரம்பிக் கிடக்கும். இருப்பைப் பார்த்து வியாபாரத்தை மதிக்கக்கூடாது. இந்தச் சக்கையில் ஒரு பங்கைப் பற்றீரியாவே செய்கிறது என்பதும் தெரியும். 2001இல் வெளியான ஒரு பரிசோதனையில் சேதனப் பொருளே இல்லாத செயற்கைக் கடல்நீரில் குளுக்கோசு கொடுத்துப் பற்றீரியாவை வளர்த்தார்கள். குளுக்கோசு சில நாளில் முடிந்தது. பற்றீரியா விட்ட கரைந்த பொருளில் ஒரு பகுதி ஓராண்டுக்கு மேலாகியும் அப்படியே இருந்தது.

கணக்கில் இன்னொரு முடிச்சு. நாளுக்கு ஒருமுறை இரட்டித்தால் நாளைக்கு இருபது இலட்சம், மறுநாள் நாற்பது இலட்சம். ஆனால் நாளைக்கு அள்ளினாலும் மில்லிலீற்றருக்குப் பத்து இலட்சம்தான் இருக்கும். அப்படியானால் பிறந்த அளவு இறக்கிறது. பாதியை வைரசு வெடிக்க வைக்கிறது என்று வைப்போம். வெடித்த கலத்தின் காபன் மறுபடி கரைந்த காபனாகிப் பற்றீரியாவுக்கே போகும். மீதிப் பாதியைச் சவுக்குமுளையால் நீந்தும் ஒற்றைக்கல உயிர்கள் தின்கின்றன. மில்லிலீற்றருக்கு அவை ஆயிரம் அளவில் இருக்கும். ஐந்து இலட்சம் பற்றீரியாவை ஆயிரம் பேர் பகிர்ந்தால் ஆளுக்கு நாளைக்கு ஐந்நூறு, மணிக்கு இருபது சொச்சம். சவுக்குயிர்கள் தின்னும் வேகத்தை ஆய்வுகூடத்தில் அளந்தால் கிடைக்கும் எண்ணும் அந்த வட்டத்துக்குள்தான் வருகிறது. தனித்தனியே அளந்த எண்கள் இப்படிப் பொருந்தும்போதுதான் கதை சரியென்ற நம்பிக்கை வருகிறது.

சவுக்குயிரைப் பிசிருள்ள சற்றுப் பெரிய ஒற்றைக்கல உயிர் தின்னும், அதைத் துடுப்புக்காலி தின்னும், துடுப்புக்காலியைச் சூடையும் நெத்தலியும் தின்னும். பாடப்புத்தகத்து நுண்ணுயிர் வளையப் படத்தில் இந்த அம்புக்குறிகள் அழகாக வளைந்து போய் மீனில் முடியும். சிந்திய காபனைப் பற்றீரியா பொறுக்கி எடுத்து மீனுக்கு மீட்டுக் கொடுக்கிறது என்று மாணவர்கள் எழுதுவார்கள். நானும் பல வருடம் அதற்குப் புள்ளி போட்டேன். இப்போது போட மனம் வருவதில்லை.

கணக்கைத் தொடர்ந்து பாருங்கள். கரைந்த காபன் 100 பங்கில் பற்றீரியாவின் உடலாவது 20. வைரசு எதையும் எடுக்கவில்லை என்றே வைத்து, சவுக்குயிர் தின்றதில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உடலாக்கும் என்றால் 6. பிசிருயிரில் 2. துடுப்புக்காலியில் அரையைச் சற்றுத் தாண்டும். அதன் பிறகுதான் நெத்தலி. 1986இல் டக்லோவும் அவருடைய குழுவினரும் 300 கன மீற்றர் கடல்நீரை அடைத்து, கதிரியக்கக் காபன் சேர்த்த குளுக்கோசைப் பற்றீரியாவுக்குக் கொடுத்து, அது எங்கே போகிறது என்று வாரக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். பதின்மூன்று நாளின் பின், பற்றீரியா பிடித்த கதிரியக்கக் காபனில் 2 வீதம்தான் பெரிய உயிர்களில் இருந்தது. பெரும்பங்கு மூச்சாகவும் மீண்டும் கரைந்த காபனாகவும் போயிருந்தது. ஒரே பரிசோதனையால் எல்லாக் கடலுக்கும் தீர்ப்பு எழுத முடியாது, ஆனால் திசை தெளிவு. காபனைப் பொறுத்தவரை இது மீனுக்குப் போகும் பெருந்தெரு அல்ல, பெரும்பாலும் ஒரு புகைபோக்கி.

அப்படியானால் வளையம் எங்கே? நைதரசனைப் பாருங்கள். பற்றீரியா புரதமும் நியூக்கிளிக்கமிலமும் நிறைந்த உடல். ஐந்து காபன் அணுவுக்கு ஒரு நைதரசன் அணு வீதம் இருக்கும். 100 காபன் அணு கொண்ட பற்றீரியாக்களைத் தின்னும் சவுக்குயிருக்கு 20 நைதரசன் கிடைக்கிறது. அது உடலாக்குவது 30 காபனை. ஆறுக்கு ஒன்று என்ற அதன் விகிதத்துக்கு 5 நைதரசன் போதும். மீதி 15ஐ வைத்து என்ன செய்யும்? பெரும்பாலும் அமோனியமாகக் கழித்துவிடும். பொஸ்பரசுக்கும் இதே கதைதான். அந்த அமோனியத்தைத் தாவரப் பிளாந்தன் உடனே எடுத்து, சூரிய ஒளியில் புதுக் காபனைக் கட்டுகிறது. அந்தப் பிளாந்தனைத் துடுப்புக்காலி நேரே தின்னும். மீனுக்குப் போவது பழைய காபன் அல்ல, பழைய நைதரசனால் கட்டிய புதுக் காபன்.

யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தால் இது இன்னும் புரியும். வருடம் முழுக்க ஓடும் ஆறு எங்களிடம் ஒன்றும் இல்லை. மாரி மழை ஓய்ந்த பிறகு, பங்குனி சித்திரையில், நிலத்திலிருந்து ஆறுவழியாகக் கடலுக்குப் புதுப் பசளை வருவதில்லை. சுண்ணாம்புக் கல்லின் வழியே கசியும் நிலத்தடி நீர் கொஞ்சம் கொண்டுவரும். கீரிமலைக் கேணியில் குளித்தவர்களுக்குக் கடலோரம் நன்னீர் வருவது தெரியும். அதைவிட்டால், இருக்கும் நைதரசனையே சுற்றிச் சுற்றிப் பாவிக்க வேண்டும். சுற்றுவது இந்த நுண்ணுயிர்கள்.

எல்லா நேரமும் பற்றீரியா தாராளமாக இருக்காது. அது தின்பதில் நைதரசன் குறைவாக இருந்தால், உதாரணமாக வெறும் சீனியாக இருந்தால், உடல் கட்டத் தேவையான நைதரசனைத் தண்ணீரிலிருந்து தானே இழுத்து, பிளாந்தனோடு போட்டிக்கு நிற்கும். மேலே பாவித்த அதே எண்களை வைத்தால், உணவில் 25 காபனுக்கு ஒரு நைதரசன் என்ற விகிதம்தான் எல்லைக்கோடு. அதைவிட நைதரசன் செழிப்பான உணவென்றால் பற்றீரியாவே அமோனியம் விடும், வறிய உணவென்றால் எடுக்கும். பிளாந்தன் உடைந்து வரும் பொருள் செழிப்பான பக்கம், மரச்சக்கை வறிய பக்கம்.

இதையெல்லாம் கண்ணால் காண முடியாதா என்று வகுப்பில் கேட்டார்கள். ஒரு வழி உண்டு. பற்றீரியா மூச்சு விட்டால் ஒட்சிசன் குறைய வேண்டும். இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் ஒரே தண்ணீரைக் குமிழி இல்லாமல் நிரப்பி மூட வேண்டும். ஒன்றில் அங்கேயே மங்கனீசு சல்பேற்றும் காரம் கலந்த அயடைட்டும் சேர்க்கிறோம். அது ஒட்சிசனை வீழ்படிவாகப் பிடித்துவைக்கும், காரம் உயிர்களையும் நிறுத்திவிடும். கருப்பணி எனும் பதநீருக்கென்று பனையில் கட்டும் முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுவது இதே நியாயந்தான். சுண்ணாம்பு இல்லாத முட்டியில் பனஞ்சாறு மத்தியானத்துக்குள் கள்ளாகும், சுண்ணாம்பிட்ட முட்டியில் சீனி அப்படியே நிற்கும். மற்றப் போத்தலை அலுமினியத் தாள் சுற்றி, ஒளித்தொகுப்பு நடவாதபடி இருட்டில் ஒரு நாள் வைத்து, பிறகு அதேமாதிரிச் செய்து, இரண்டையும் ஒட்சிசனை அளக்கும் விங்க்லர் முறையில் நியமித்தால் வித்தியாசம்தான் சுவாசம்.

செய்தோம். வித்தியாசம் வரவில்லை. பிள்ளைகளுக்கு ஏமாற்றம், எனக்கு வெட்கம், ஏனென்றால் கணக்கை முதலே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். சுவாசித்த 80 மைக்ரோகிராம் காபனுக்கு ஒட்சிசன் 0.2 மில்லிகிராம்தான் செலவாகும். எங்கள் வெப்பநிலையில் கடல்நீரில் இருப்பது லீற்றருக்கு 6 மில்லிகிராமைச் சற்றுத் தாண்டும். பழைய அளவியும் நடுங்கும் கையும் அந்த 0.2ஐ விழுங்கிவிட்டன. கூடுதல் நாள் வைத்தால் வித்தியாசம் பெருகும், ஆனால் அப்போது அளப்பது கடலை அல்ல, போத்தலை. அடைபட்ட நீரில், கண்ணாடிச் சுவரில் ஒட்டி, சில இனங்கள் மட்டும் திடீரெனப் பெருகும். எண்பது வருடங்களுக்கு மேலாகத் தெரிந்த தொல்லை இது. அடுத்த முறை ஒரு போத்தலில் லீற்றருக்கு 5 மில்லிகிராம் சீனி சேர்த்தோம். அதில் காபன் 2 மில்லிகிராம் சொச்சம். பெரும்பகுதி சுவாசிக்கப்பட்டால் ஒட்சிசன் 4 மில்லிகிராம் அளவு குறைய வேண்டும். இரண்டு நாளில், ஒட்சிசன் குறைந்திருந்ததால், நியமிப்பில் நிறம் முன்னையதைவிட மிக வேகமாக மறைந்தது. பின்வாங்குப் பொடியன் எழுந்து வந்து பார்த்தான்.

"சேர், இதுதான் பரவைக்கடலிலையும் நடக்குதோ? சில நாள் விடியப்புறம் களங்கண்ணி வலைக்குப் போனால் மீன் மேலை வந்து வாய் வைச்சு நிக்கும் எண்டு அப்பா சொல்லுறவர்."

நடக்கக்கூடியதுதான். பாசி பெருகி, நீர் பச்சையாகி, பிறகு ஒரேயடியாகச் செத்து உடையும் நாட்களில் தின்னத்தக்க காபன் வழக்கத்தைவிடப் பல மடங்கு சிந்தும். ஓர் இரவில் பற்றீரியா லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் காபனைச் சுவாசித்தாலே ஒட்சிசன் இரண்டரை மில்லிகிராமுக்கு மேல் குறையும். அடியிலுள்ள சேறும் சாதாழையும் இரவில் தங்கள் பங்குக்கு இழுக்கும். காற்று விழுந்து, தண்ணீர் அசையாமல் நின்றால் மேலிருந்து நிரப்ப எதுவும் இல்லை. ஆறில் தொடங்கிய ஒட்சிசன், சூரியன் எழுவதற்குச் சற்று முன் இரண்டுக்குக் கீழே போனால் மீன் திணறும். வெயில் ஏறி ஒளித்தொகுப்பு தொடங்க, மத்தியானம் அளந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அதனால்தான் ஒட்சிசனை அளக்க விரும்புகிறவர் களங்கண்ணிக்காரர் போகும் நேரத்துக்குப் போக வேண்டும். அடுத்த வாரம் அவனுடைய தகப்பனின் வள்ளத்தில், விடிய நாலரைக்கு, நான்கு போத்தல்களோடு போவதாக இருக்கிறோம்.